மீம் பேஜில் காசு பார்க்கப் போகிறீர்களா? ஃபாலோயரை விடுங்கள், ரீச்சை எண்ணுங்கள்

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடை அண்ணன் என் இன்ஸ்டாகிராம் மீம் பேஜில் விளம்பரம் போட 1,500 ரூபாய் கொடுத்தார். மூன்றாம் நாள் போன் வந்தது. "தம்பி, இருபத்தோராயிரம் பேர் பாக்குறாங்கன்னு சொன்னீங்க. ஒரே ஒரு ஆள்தான் கூப்பிட்டான். அவனும் கடையில வேலை இருக்கான்னு கேட்டான்." எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் அந்த இருபத்தோராயிரத்தில் ஒன்பதாயிரம் நான் காசு கொடுத்து வாங்கியது. 1,500-ஐத் திருப்பி அனுப்பிவிட்டு, பேஜை அடியிலிருந்து சரிசெய்ய எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு வருடத்தில் கற்றதைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். எல்லாமே இன்ஸ்டாகிராமில், தமிழ் மீம் அல்லது கவிதை, பொன்மொழி போன்ற வரிகள் போடும் பேஜுக்கானது. யூடியூப் கணக்கு வேறு, அதைப் பற்றி இங்கே பேசவில்லை.

1. முதல் நாளே செய்ய வேண்டியவை

பேஜுக்கு என்று தனி மெயில் ஐடி, தனி பாஸ்வேர்டு. இரண்டு கட்டச் சரிபார்ப்பை ஆன் செய்து, அதில் வரும் பேக்கப் கோடுகளை ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். போன் தொலைந்த அன்று அந்தத் தாள்தான் உங்கள் பேஜ்.

அடுத்து, கணக்கை புரொஃபஷனலாக மாற்றுங்கள், இலவசம்தான். மாற்றினால்தான் இன்சைட்ஸ் தெரியும், பதிவு எத்தனை பேருக்குப் போனது, அதாவது ரீச் எவ்வளவு என்று காட்டும் பகுதி அது. கிரியேட்டர், பிசினஸ் என்று இரண்டு வகை கேட்கும். மீம் பேஜுக்கு கிரியேட்டர் போதும், பிசினஸ் போட்டால் ரீல்ஸில் சினிமாப் பாட்டு பலதும் கிடைக்காமல் போகும்.

பேஜுக்கு ஒரு வளையம் வேண்டும். "எல்லா மீமும் போடுவோம்" என்ற பேஜ் வளர்ந்தாலும் விளம்பரத்துக்கு உதவாது, யார் பார்க்கிறார்கள் என்று சொல்ல முடியாதே. நான் மதுரைப் பேச்சு, மதுரை பஸ், மதுரை வெயில், வீட்டில் அம்மா திட்டுவது என்று சுருக்கிக்கொண்டேன். வரிகள் போடுகிறவர்களும் அப்படித்தான்: பிரிந்த காதலா, வேலைத் தேர்வுக்குப் படிப்பவர்களா, புதிதாக அம்மா ஆனவர்களா, ஒன்றைப் பிடியுங்கள்.

2. அடுத்தவர் மீமை எடுத்துப் போடாதீர்கள்

பழைய அட்மின்கள் "நாலு பெரிய பேஜில் ஓடியதை எடுத்துப் போடு, வளர்ந்துடும்" என்பார்கள். ஒரு காலத்தில் அது வேலை செய்தது. 2024 ஏப்ரலில் இன்ஸ்டாகிராம் இதை மாற்றப்போவதாக அறிவித்தது. அடுத்தவர் பதிவைத் திரும்பத் திரும்ப எடுத்துப் போடும் கணக்குகளைப் புதியவர்களுக்குப் பரிந்துரைப்பதை நிறுத்திவிடுகிறார்கள். பேஜ் அப்படியே இருக்கும், ஃபாலோயரும் இருப்பார்கள், ஆனால் புது ஆள் வரும் வாசல் அடைத்துவிடும். உங்கள் பேஜ் அந்த நிலையில் இருக்கிறதா என்று பார்க்க, செட்டிங்ஸில் Account Status என்று தேடுங்கள். பரிந்துரைக்கத் தகுதி உண்டா, இல்லையா என்று அங்கேயே எழுதியிருக்கும். இல்லை என்றால் எந்தப் பதிவு காரணம் என்றும் காட்டும், அதை நீக்கலாம் அல்லது மறுபரிசீலனை கேட்கலாம். நான் திங்கள்தோறும் ஒருமுறை பார்த்துவிடுவேன்.

சினிமா டெம்ப்ளேட் எல்லாரும் பயன்படுத்துவதுதான். அதில் எழுதும் வசனம் உங்களுடையதாக இருக்கட்டும். வடிவேலு படத்தை எடுத்து, அதே பழைய வசனத்தையே போட்டால் அது ஆயிரத்து ஒன்றாவது நகல். வரிகள் பேஜ்காரர்களுக்கு இன்னொரு ஆபத்து: அப்துல் கலாம் சொல்லாத எவ்வளவோ வரிகள் அவர் பெயரில் ஓடுகின்றன. மூலம் தெரியவில்லை என்றால் பெயர் போடாதீர்கள். ஒரு பிராண்ட் உங்கள் பேஜை அலசும்போது, பின்னூட்டத்தில் "இது அவர் சொன்னதே இல்லை" என்று பத்துப் பேர் எழுதியிருந்தால் அந்த வேலை போயிற்று.

எத்தனை பதிவு? நான் நாளுக்கு ஐந்து போட்டுப் பார்த்தேன், இரண்டு போட்டும் பார்த்தேன். என் பேஜில் இரண்டு போதும். ஐந்து போட்ட மாதத்தில் ஒவ்வொன்றின் ரீச்சும் இறங்கியது, எனக்கும் சரக்கு தீர்ந்தது. லைக்கைவிட, ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பினாரா என்பதைப் பாருங்கள். "டேய் இது நம்ம மாமாடா" என்று நண்பனுக்கு அனுப்ப வைக்கும் மீம்தான் புது ஆளைக் கூட்டி வருகிறது.

3. ஃபாலோயர் வாங்கினால் என்ன ஆகும்

நான் ஒன்பதாயிரம் பேரை வாங்கியதும் எண்ணிக்கை இரண்டே நாளில் ஏறியது. மூன்றாம் வாரம் பதிவுகள் படுத்துவிட்டன. காரணம் எளிது. புதிதாகப் போடும் பதிவு முதலில் உங்கள் ஃபாலோயர்களில் கொஞ்சம் பேருக்குப் போகும், அவர்கள் நின்று பார்க்கிறார்களா, அனுப்புகிறார்களா என்பதை வைத்துத்தான் மேலே போகும். அந்தக் கொஞ்சம் பேரில் பாதி ஆளில்லாத கணக்காக இருந்தால், நல்ல மீமும் வாசலிலேயே செத்துவிடும்.

போலி எண்ணிக்கையை வாங்குபவரும் கண்டுபிடித்துவிடுவார், இதைப் பலர் நம்புவதில்லை. இன்சைட்ஸில் ஃபாலோயர்களின் ஊர்ப் பட்டியல் இருக்கிறது. தமிழில் மதுரை மீம் போடும் பேஜுக்குச் சென்னை, மதுரை, கோவைக்கு நடுவே சம்பந்தமே இல்லாத வெளிநாட்டு நகரம் வந்து உட்கார்ந்திருந்தால் வேறு விளக்கமே வேண்டாம். கொழும்பு, யாழ்ப்பாணம், கோலாலம்பூர், சிங்கப்பூர், துபாய் வந்தால் பரவாயில்லை, அங்கே நம் ஆட்கள் இருக்கிறார்கள். அதே போல் வளர்ச்சிக் கோடு ஒரே நாளில் செங்குத்தாக ஏறி, பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்துகொண்டே இருந்தால் வாங்கியது என்று தெரியும்.

"போனைப் பரிசாகத் தருகிறோம், இந்த இருபது பேஜையும் ஃபாலோ பண்ணுங்க" என்ற கூட்டுப் போட்டிகளும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஆள் உண்மையான ஆள், ஆனால் போனுக்காக வந்த ஆள்.

ஏற்கெனவே வாங்கித் தொலைத்தவர்களுக்கு: ஃபாலோயர் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் நீக்கும் பொத்தான் இருக்கிறது. படம் இல்லாத, பதிவே இல்லாத கணக்குகளை நாளுக்கு நூறு, நூற்றைம்பது என்று கையால் நீக்கினேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அதுதான் வேலை, இரண்டு மாதம் ஓடியது. "மொத்தமாக நீக்கித் தருகிறோம்" என்று பாஸ்வேர்டு கேட்கும் ஆப் எதையும் தொடாதீர்கள், பேஜே போய்விடும்.

4. உங்கள் நேர்மையான எண்ணைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் பகுதியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள், விலை பேசுவது முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

இன்சைட்ஸில் இரண்டு எண்கள் குழப்பும். வியூஸ் என்பது எத்தனை முறை திரையில் வந்தது என்பது, ஒரே ஆள் மூன்று முறை பார்த்தால் மூன்று. ரீச் என்பது எத்தனை கணக்குகளுக்குப் போனது, அவரே மூன்று முறை பார்த்தாலும் ஒன்றுதான். விளம்பரம் கொடுப்பவருக்கு ரீச்சைத்தான் சொல்ல வேண்டும். வியூஸைச் சொல்லி ரீச் என்று நம்ப வைக்கும் அட்மின்கள் இருக்கிறார்கள், ஒருமுறைக்கு மேல் அது ஓடாது.

கடைசி 15 பதிவுகளை எடுங்கள். இரண்டு நாள் ஆகாதவற்றை விட்டுவிடுங்கள், அவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றின் ரீச்சையும் பெரியதிலிருந்து சிறியதாக எழுதுங்கள். பேஜைச் சரிசெய்து 38,400 பேர் ஆன பிறகு நான் எழுதிய பட்டியல் இது:

1,62,000 / 31,000 / 14,200 / 12,800 / 11,500 / 10,900 / 9,700 / 9,100 / 8,800 / 8,300 / 7,600 / 7,200 / 6,900 / 6,100 / 5,400

சராசரி எடுத்தால் கிட்டத்தட்ட 20,800 வருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொய். அந்த 1,62,000 ஒரு மழை நாளில் வைகை ஆற்றைப் பற்றிப் போட்ட ஒரே மீம், அது அடித்த அடியில் மற்ற பதினாலும் சராசரியில் மேலே ஏறிவிட்டன. அடுத்த பதிவுக்கு அந்த அதிர்ஷ்டம் வரும் என்று யாரிடமும் காசு வாங்க முடியாது. பட்டியலின் நடுவில், எட்டாவதாக நிற்கும் எண்ணை எடுங்கள்: 9,100. ஏழு பதிவு அதற்கு மேலே, ஏழு பதிவு கீழே. உங்கள் எண் அதுதான்.

இனி அதை இன்னும் குறைக்க வேண்டும். மதுரையில் ஒரு பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் கடையிலிருந்து அக்கா ஒருவர் கேட்டார். என் ஃபாலோயர்களில் சென்னை 19 சதவீதம், மதுரை 11 சதவீதம். மதுரை மீம் போடும் பேஜில் மதுரையைவிடச் சென்னை ஏன் அதிகம் என்றால், ஊரைவிட்டுப் போன மதுரைக்காரர்கள்தான் ஊரைப் பற்றிய மீமைத் தேடிப் பார்க்கிறார்கள். 9,100-இல் 11 சதவீதம் என்றால் மதுரையில் சுமார் ஆயிரம் பேர். அதிலும் ஆண்கள் பாதிக்கு மேல். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களும் ஒரு கூட்டம், மீம் பேஜ் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லாமல் இருக்காது. பிளவுஸ் தைக்கப் போகிறவர்கள் நானூறு பேர் இருந்தால் அதிகம். ஃபாலோயர் பட்டியலின் சதவீதத்தை ரீச்சுக்குப் பொருத்துவது தோராயம்தான், ஆனாலும் 38,400 என்று சொல்வதைவிட உண்மைக்குப் பல மடங்கு பக்கத்தில் இருக்கிறது.

இதை அப்படியே அந்த அக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. பிறகு "இப்படி யாரும் சொன்னதில்ல, போடுங்க பாப்போம்" என்றார்.

5. ஷவுட்அவுட் விலை, கால அளவு

ஷவுட்அவுட், அதாவது உங்கள் பேஜில் தங்களைப் பற்றி ஒரு பதிவு கேட்டு வருபவர்கள் இரண்டு வகை. ஒன்று, ஃபாலோயர் வேண்டும் என்று வரும் புதுப் பேஜ்கள். இன்னொன்று கடை, கேக் செய்பவர், போட்டோ எடுப்பவர், கோச்சிங் சென்டர். முதல் வகையினர் "எத்தனை ஃபாலோயர் வரும் ப்ரோ?" என்றுதான் தொடங்குவார்கள். எண் சொல்லவே சொல்லாதீர்கள். ரீச் என் கையில், ஃபாலோ செய்வது உங்கள் பேஜின் கையில் என்று எழுதிவிடுங்கள். ஒப்புக்கொள்ளாதவரை விட்டுவிடுங்கள், சண்டை மிச்சம்.

என் கணக்கு இது, சந்தை விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பதிவுக்கு ஆயிரம் ரீச்சுக்கு 80 ரூபாய். 9,100-க்கு 728 வருகிறது, 700 என்று வைத்துக்கொண்டேன். ஸ்டோரிக்கு ஆயிரம் பார்வைக்கு 150, ஏனென்றால் அதில் லிங்க் ஸ்டிக்கர் வைக்கலாம், பார்ப்பவர் ஒரே தொடுதலில் வாட்ஸ்அப்புக்குப் போய்விடுவார். என் ஸ்டோரியை 2,300 பேர் பார்க்கிறார்கள், 345 வருகிறது, 350 வைத்தேன். இரண்டும் சேர்த்து 1,050, அக்காவுக்கு ஆயிரம். முழுப் பணமும் முன்பணம். இந்தத் தொகையில் பாதி இப்போது, பாதி பிறகு என்று பேசினால் அந்தப் பாதி வராது.

டிஎம்மில் இவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணி, பதிவு எவ்வளவு நேரம் இருக்கும், அதற்குப் பிறகு நான் எத்தனை மணி நேரம் வேறு பதிவு போடமாட்டேன், எத்தனை முறை திருத்தம் செய்வேன். பதிவு ஒரு நாள் மட்டுமா, நிரந்தரமா என்பதைத்தான் அதிகம் பேர் பேசாமல் விட்டுவிட்டுப் பிறகு அடித்துக்கொள்கிறார்கள். நான் ஒரு நாளைக்கு ஒரு விலை, நிரந்தரத்துக்கு ஒன்றரை மடங்கு வைத்திருக்கிறேன்.

அக்காவுக்கு ஒரு வாக்கும் கொடுத்தேன்: 48 மணி நேரத்தில் ரீச் 7,300-க்குக் கீழே போனால், அதாவது சொன்னதில் 80 சதவீதம் வராவிட்டால், இன்னொரு ஸ்டோரி இலவசம். பதிவு போட்டோம். 48 மணி நேரம் கழித்துப் பார்த்தால் 6,600.

இங்கேதான் நான் பார்க்கத் தவறியது தெரிந்தது. விளம்பரப் பதிவு சாதாரண மீம் அளவுக்கு ஓடாது. "பிளவுஸ் தைக்க இங்கே வாங்க" என்று முடியும் மீமை யாரும் மாமாவுக்கு அனுப்புவதில்லை. சொன்னபடி இலவச ஸ்டோரி போட்டேன். இரண்டு ஸ்டோரிக்கும் சேர்த்து லிங்கைத் தொட்டவர்கள் 71 பேர், வாட்ஸ்அப்பில் கேட்டவர்கள் 12, தைக்கக் கொடுத்தவர்கள் 3. அன்றிலிருந்து விளம்பரப் பதிவுகளுக்குத் தனிப் பட்டியல் வைத்திருக்கிறேன், அதன் நடு எண்ணைத்தான் விலைக்கு எடுக்கிறேன். உங்களிடம் இன்னும் விளம்பரப் பதிவே இல்லை என்றால், சாதாரண நடு எண்ணில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுப் பேசுங்கள். என் பேஜில் அது சரியாக வருகிறது, உங்களுடையதை ஐந்தாறு பதிவு போட்ட பிறகு நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

6. பிராண்ட் வேலை: ஏஜென்சி வழியாக வருவது

பெரிய பிராண்டுகள் நேரே வருவது அபூர்வம். ஏஜென்சியிலிருந்து ஒரு பெண்ணோ பையனோ "ஹாய், காஸ்ட் சொல்லுங்க, இன்சைட்ஸ் அனுப்புங்க" என்று ஒரே நாளில் ஐம்பது பேஜுக்கு அனுப்பியிருப்பார். ஸ்கிரீன்ஷாட் அனுப்பாதீர்கள், ஸ்கிரீன் ரெக்கார்டிங் அனுப்புங்கள். புரொஃபைலைத் திறப்பதிலிருந்து தொடங்கி, இன்சைட்ஸ், ஊர், வயது, கடைசிப் பதிவுகள் வரை ஒரே ஓட்டமாக ஒரு நிமிடம். ஸ்கிரீன்ஷாட்டில் எண்ணை மாற்றுவது எவ்வளவு சுலபம் என்று அவர்களுக்கும் தெரியும்.

வேலை உறுதியானால் மெயிலில் வாங்குங்கள், வாட்ஸ்அப் குரல் பதிவு போதாது. மெயிலில் தொகை, பதிவுகளின் எண்ணிக்கை, திருத்தம் எத்தனை முறை, பணம் எத்தனை நாளில் என்று நான்கும் இருக்க வேண்டும். 30 நாள் என்பார்கள், 45 என்பார்கள், 60-உம் உண்டு. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதைக் கேளுங்கள். எனக்கு ஒரு ஏஜென்சி "60 நாள்" என்றது, நான் பதிவு போட்ட நாளிலிருந்து எண்ணினேன், அவர்கள் மொத்தப் பிரசாரமும் முடிந்த நாளிலிருந்து எண்ணினார்கள். 4,000 ரூபாய் ஐந்தாவது மாதம் வந்தது.

"பதிவு உங்கள் பேஜில் மட்டும்தானா, எங்கள் விளம்பரத்துக்கும் பயன்படுத்தலாமா" என்பதும் வரும். அவர்கள் காசு போட்டு பூஸ்ட் செய்யப்போகிறார்கள் என்றால் அதற்குத் தனி விலை.

நடிகர் முகம் பற்றி ஒரு எச்சரிக்கை. சும்மா சிரிக்கப் போடும் மீமில் நடிகர் படம் இருப்பது ஒன்று, ஒரு பிராண்டை விற்கும் பதிவில் இருப்பது இன்னொன்று. தன் பெயரையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்று ரஜினிகாந்த் 2015-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார். காசு வாங்கிய பதிவில் நடிகர் படமோ சினிமாக் காட்சியோ வேண்டாம், வரைந்த படமோ உங்கள் நண்பனின் முகமோ போதும். பாட்டும் அப்படியே. ஆப்பில் கிடைக்கும் சினிமாப் பாட்டு தனிப்பட்ட பதிவுக்குத்தான், விளம்பரத்துக்கு மெட்டாவின் இலவச ஒலித் தொகுப்பிலிருந்து எடுங்கள்.

7. "விளம்பரம்" என்று எழுதியே ஆக வேண்டும்

"ஆட் என்று போட்டால் ரீச் குறையும், போடாதீங்க" என்று ஏஜென்சியே சொல்லும். கேட்காதீர்கள். ஏஎஸ்சிஐ எனும் இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு 2021-இல் இதற்கென்றே விதி கொண்டுவந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022-ஆம் வருட வழிகாட்டுதலும் இருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. காசு வாங்காமல் பொருள் மட்டும் வாங்கியிருந்தாலும் சொல்ல வேண்டும்.

எங்கே எழுதுவது? ஹாஷ்டேக்குகளுக்கு நடுவில் ஒளித்து வைத்தால் எழுதியதாக ஆகாது. பதிவின் முதல் வரிகளிலேயே, "மேலும்" என்பதைத் தொடாமல் தெரியும்படி. ஸ்டோரியில் படத்தின் மேலேயே. தமிழ்ப் பதிவென்றால் "விளம்பரம்" என்று தமிழிலேயே போடலாம். கூடவே இன்ஸ்டாகிராமின் Paid partnership அடையாளத்தையும் ஆன் செய்யுங்கள்.

8. எடுக்கக் கூடாத காசு

புதுப் பேஜுக்கு முதலில் வரும் பெரிய தொகை பெரும்பாலும் சூதாட்ட ஆப்பிலிருந்துதான் வரும். ஜவுளிக்கடை ஆயிரம் கொடுக்கும் இடத்தில் அவன் எட்டாயிரம் என்பான், ஒரு ஸ்டோரிதான் என்பான். 2025-இல் வந்த ஆன்லைன் கேமிங் சட்டப்படி, காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை விளம்பரம் செய்தால் இரண்டு வருடம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்தாலும் யாரோ ஒருவர் போனில் ஸ்கிரீன்ஷாட் இருக்கும். டெலிகிராமில் ஷேர் மார்க்கெட் டிப்ஸ், உடனடிக் கடன் ஆப், "வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை", உடல் இளைக்கும் பொடி, இவையும் எனக்கு வேண்டாத பட்டியலில்தான். மீம் பேஜில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஒரு கூட்டம் என்று நாலாம் பகுதியில் பார்த்தோமே, அவர்கள்தான் போய் மாட்டுவார்கள்.

9. காகிதங்கள்

முதல் நாளிலிருந்து தேவை: பான் கார்டு, உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு, ஒரு யுபிஐ ஐடி. ஏஜென்சிக்குக் கூடுதலாக இன்வாய்ஸ் வேண்டும். ஒரு பக்கத் தாள்தான்: எண், தேதி, உங்கள் பெயர், முகவரி, பான், அவர்கள் பெயர், என்ன வேலை, தொகை, வங்கி விவரம். எண்ணை 1, 2, 3 என்று வரிசையாகப் போடுங்கள்.

சில ஏஜென்சி தொழில்முறைக் கட்டணம் என்று வைத்து 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும், சில விளம்பர ஒப்பந்தம் என்று 1 சதவீதம். பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் வரை போகும். பிடித்த பணம் தொலைந்ததாக நினைக்க வேண்டாம். வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் கணக்கில் வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள், ரிட்டர்ன் தாக்கல் செய்தால் வரி இல்லாதவர்களுக்குத் திரும்பி வரும். எனக்கு முதல் வருடம் 2,300 ரூபாய் வந்தது. வரவாகவே இல்லை என்றால், பிடித்துவிட்டுக் கட்டவில்லை என்று அர்த்தம், ஏஜென்சிக்கு மெயில் போடுங்கள். ஜிஎஸ்டி பதிவு, வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை தேவையில்லை. "ஜிஎஸ்டி இல்லாதவர்களோடு வேலை செய்வதில்லை" என்று சில ஏஜென்சிகள் சொல்லும், அது அவர்கள் வசதி, சட்டம் இல்லை.

10. பணம் வாங்கும்போது

மூன்று தந்திரம் மீண்டும் மீண்டும் வரும். முதலாவது போலி ஸ்கிரீன்ஷாட்: "அனுப்பிட்டேன் ப்ரோ, சர்வர் ஸ்லோ, நீங்க போடுங்க." வங்கிக் கணக்கில் வரவு தெரியாமல் எதுவும் போடாதீர்கள். இரண்டாவது, க்யூஆர் அனுப்பி "ஸ்கேன் பண்ணி பின் போட்டா பணம் வந்துடும்" என்பது. பணம் வாங்க பின் போடவே தேவையில்லை, பின் கேட்டாலே உங்கள் காசு போகப்போகிறது. மூன்றாவதுதான் பேஜையே கொண்டுபோவது: "உங்கள் பதிவு காப்புரிமையை மீறியது, 24 மணி நேரத்தில் கணக்கு நீக்கப்படும், இங்கே மேல்முறையீடு செய்யுங்கள்" என்று டிஎம்மில் ஒரு லிங்க். இன்ஸ்டாகிராம் அப்படி டிஎம் அனுப்பாது. உண்மையிலேயே அவர்கள் மெயில் அனுப்பியிருந்தால், அந்த மெயில்களின் பட்டியல் செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியில் இருக்கும், அங்கே பாருங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

11. போட்ட பிறகு

48 மணி நேரம் முடிந்ததும், அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே எண்களை அனுப்புங்கள். பிளவுஸ் கடை அக்காவுக்கு நான் அனுப்பியது இவ்வளவுதான்:

"அக்கா, பதிவு ரீச் 6,600. சொன்னது 9,100. குறைஞ்சதுக்கு இன்னிக்கு ராத்திரி 8 மணிக்கு இன்னொரு ஸ்டோரி போடுறேன். முதல் ஸ்டோரி 2,250 பேர் பாத்தாங்க, லிங்க் தொட்டது 41. வாட்ஸ்அப்ல எத்தனை பேர் வந்தாங்கன்னு சொன்னீங்கன்னா அடுத்தவங்களுக்குச் சரியா சொல்ல உதவும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அந்தப் பதில் உங்களுக்கு வேறு எங்கேயும் கிடைக்காது, இன்சைட்ஸ் லிங்க்கோடு நின்றுவிடும். அக்கா தீபாவளிக்கு முன்னால் திரும்ப வந்தார். இந்த முறை பதிவு வேண்டாம், மூன்று ஸ்டோரி மட்டும் போதும் என்றார். கணக்குப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி.